ஆறாவது கண்ணாடி

மைத்துனனுக்கு ஆறாவது கண்ணாடியை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார். மூக்கில் சரியாக உட்கார்ந்திருந்தது. காது மடலில் அழுத்தவில்லை. முகத்துக்கு எடுப்பாகவும் இருந்தது. ஒரே ஒரு குறைதான். போட்டுக்கொண்டவனுக்குக் கண் தெரியவில்லை.

எழுத்துப் பலகையில் நான்காவது வரியைப் படிக்கச் சொன்னார். மைத்துனன் தலையைச் சாய்த்தான், கண்ணை இடுக்கினான், கடைசியில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே இன்னொரு எழுத்து தொங்குகிறது என்றான். மூன்று வருடமாக இதே பாட்டு. இந்த லென்ஸ் தெளிவா, அந்த லென்ஸ் தெளிவா என்று கேட்டால் இரண்டுமே கலங்குகிறது, வேறு வேறு மாதிரி கலங்குகிறது என்பான். இப்படிப் பதில் சொல்கிறவனுக்கு எந்தக் கொம்பன் பவர் போட முடியும்? அன்றைக்கும் கடைக்காரர், வந்திருந்தவர்கள் காதுபட, ஒழுங்காகப் பதில் சொல்லத் துப்பில்லை என்று திட்டிவிட்டார். மனைவியின் ஒரே தம்பி. உரிமை இருக்கிறது என்கிற நினைப்பு. அவனும் சிரித்துக்கொண்டே கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனான். போகும்போதே முஷ்டியால் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனான்.

அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். வயது இருபத்தாறு. சின்ன வயதிலிருந்து பேருந்தைத் தவிர வேறொன்றுக்கும் ஆசைப்படாதவன். கண் போனால் ஓட்டுநர் இருக்கை போகும், அது போனால் அவனிடம் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும். அதனால்தான் வெறி பிடித்தவர்போல் பவரை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும், கோணல் பார்வைக்குப் போடும் சிலிண்டர் பவர் ஏறியது. அது நிற்கவேண்டிய கோணமும் திரும்பியது.

இதில் ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்னால் மூன்றாவது கண்ணாடி போடும்போதே, கைவிளக்கை அவன் கண்ணில் அடித்து உள்ளே திரும்பும் ஒளியைப் பார்த்தபோது, அது ஒரே பட்டையாக நகரவில்லை. கத்தரிக்கோல்போல் இரண்டாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தது. விளக்கின் கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்தார். மறுபடியும் அப்படித்தான். உடனே அவர், தொழில் தெரிந்தவர்கள் செய்யும் சோதனையைச் செய்தார். நடுவில் ஊசித்துளை போட்ட கறுப்புத் தட்டைக் கண்முன் பிடித்தார். மைத்துனன் இரண்டு வரி கூடுதலாகப் படித்தான். துளை வழியாகத் தெளிந்தால் விழித்திரையில் கோளாறில்லை, பவர்தான் பொருந்தவில்லை என்பது இருபத்திரண்டு வருடப் பாடம். அவருக்கு நிம்மதியாகப் போயிற்று. அந்த நிம்மதியில்தான் தவறு நடந்தது. கண்ணாடி போடத் தெரியாதவனாக இருந்திருந்தால் அன்றைக்கே பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பான்.

ஆறாவது கண்ணாடி போட்ட பதினோராம் நாள், பொழுது சாயும் நேரத்தில், எதிரே வந்த விளக்குகள் எல்லாம் வால் முளைத்துச் சிதற, மைத்துனன் பேருந்தின் பக்கக் கண்ணாடியை நிறுத்தத்தின் தூணில் இடித்து நொறுக்கினான். யாருக்கும் அடியில்லை. பணிமனையில் அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இரண்டு கண்ணும் குறித்த அளவுக்குத் தெரிகிறது என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டால்தான் இனி இருக்கை.

ஆஸ்பத்திரிக்குக் கடைக்காரரும் போனார். கண்ணின் முன்படலத்தைப் படமெடுக்கும் கருவியில் மைத்துனன் தாடையை வைத்தான். திரையில் வண்ணப் படம் வந்தது. சீரான கண்ணுக்குப் பச்சையாக வரவேண்டிய இடத்தில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, சிவப்பாக ஒரு மேடு. கடைக்காரர் திரையருகே குனிந்தார். படிப்புக் காலத்தில் புத்தகத்தில் பார்த்த படம். கெரட்டோகோனஸ்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் பொருத்தும் அம்மா நிதானமானவர், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவர். கண்ணின் முன்படலமான கார்னியா மெலிந்து கூம்பாகப் பிதுங்குகிறது என்றார். கண்ணைக் கசக்கக் கசக்க இன்னும் மோசமாகும், இந்த நிமிஷத்தோடு நிறுத்துங்கள் என்றார். அப்புறம் கண்ணாடிப் பேச்சு வந்தது.

"கண்ணாடி சீரான வளைவைத்தான் சரி பண்ணும். ஒரு பக்கம் கூட, இன்னொரு பக்கம் கொறச்சல்னா சிலிண்டர் போடலாம். இவருக்கு ஒவ்வொரு புள்ளியிலயும் ஒவ்வொரு சரிவு. எத்தனை கண்ணாடி மாத்தினாலும் வராது. அது இவர் தப்பும் இல்ல, பதில் சொன்ன விதமும் இல்ல."

கடைக்காரர் தரையைப் பார்த்தார். மென்மையான லென்ஸ் போட்டால் என்ன என்று மைத்துனன் கேட்டான். அது மேட்டின்மேல் ஈரத்துணிபோல் படிந்து அதே கோணலைத்தான் காட்டும் என்றார் அந்த அம்மா. ஆர்.ஜி.பி. என்கிற கடின லென்ஸ் அப்படியில்லை. பிராணவாயுவை உள்ளே விடும், ஆனால் வளையாது. லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிவிடும். வெளிச்சம் கோணலான படலத்துக்குப் பதிலாக லென்ஸின் வழவழப்பான முகத்தில் பட்டு உள்ளே போகும்.

சொல்லிக்கொண்டே ஒரு ஆர்.ஜி.பி.யை வலது கண்ணில் வைத்தார். மைத்துனனுக்குத் தாரை தாரையாகக் கண்ணீர். கண் ஓரளவு பழகியதும் பலகையில் கடைசிக்கு முந்தைய வரியைத் திக்காமல் படித்தான். மூன்று வருடமாகப் பதில் சொல்லத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவன் மளமளவென்று படிக்கிறான்.

இடது கண்ணில்தான் சிக்கல். அங்கே கூம்பு செங்குத்து. லென்ஸ் உச்சியில் மோதிக்கொண்டு ஆடியது. பேருந்தின் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்வையை ஓரமாகத் திருப்பச் சொன்னார் அந்த அம்மா. திருப்பியதும் லென்ஸ் நழுவி மடியில் விழுந்தது. ஓட்டுகிறவருக்கு இது ஆகாது, உச்சியில் உரசினால் தழும்பும் ஏறும், வண்டித் தூசி ஒரு துணுக்கு உள்ளே போனாலும் கண்ணைத் திறக்க முடியாது என்றார்.

பிறகு ஸ்கிலீரல் லென்ஸை எடுத்தார். இரண்டு மடங்கு பெரியது, சின்னக் கிண்ணம்போல. அது கார்னியாவைத் தொடாமல் தாண்டிப்போய் வெள்ளைவிழியில் உட்காரும். நடுவில் நிற்கும் உப்புநீர்தான் கோணலை நிரப்பும். கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து எதுவும் கலக்காத உப்புநீரைக் கிண்ணம் தளும்ப ஊற்றி, மைத்துனனைத் தரை பார்க்கக் குனியவைத்து, கீழிருந்து மேலாக இரண்டு கண்ணிலும் பொருத்தினார். முதல் தடவை காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டது. எடுத்து, நிரப்பி, மறுபடி வைத்தார். உறுத்தவில்லை, கண்ணில் ஏதும் இருப்பதே தெரியவில்லை என்றான். வலது கண் கடைசி வரிவரை போனது. இடது கண் நடுவரியோடு நின்றது.

இன்னும் பவர் போட்டுப் பாருங்கள் என்றார் கடைக்காரர், பழக்கதோஷத்தில்.

"லென்ஸ் கோணலை மறைக்கும். தழும்பை மறைக்காது. இடதுல உச்சியிலயே தழும்பு விழுந்திருக்கு."

மருத்துவர் மிச்சத்தைச் சொன்னார். லென்ஸ் பார்வையைத்தான் கொடுக்கும், நோயை நிறுத்தாது. நிறுத்துவதற்குச் சொட்டு மருந்து விட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சிப் படலத்தை இறுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. வலது கண்ணுக்குச் செய்யலாம். இடது அதற்குத் தாங்காத அளவு மெலிந்துவிட்டது. அதற்கு ஒருவேளை பின்னால் கார்னியா மாற்றவேண்டி வரலாம். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் இடதையும் நிறுத்திப் பார்த்திருக்கலாம், உறுதி சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது என்றார். மைத்துனன் தலையாட்டினான்.

வலது கண்ணுக்குச் சிகிச்சை நடந்து, ஆறி, இரண்டு கண்ணுக்கும் அளவெடுத்த ஸ்கிலீரல் லென்ஸ் வந்துசேர மூன்று மாதம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்த அத்தானால்தான் வலது கண் பிழைத்தது என்று மைத்துனன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். மனைவி அவருக்குப் பரிமாறும்போது முகத்தில் ஒரு பெருமை. சோறு இறங்கவில்லை அவருக்கு.

பணிமனை மருத்துவர் இடது கண்ணை மூன்று முறை சோதித்துவிட்டு, பயணிகள் வண்டிக்கு இது போதாது என்று எழுதினார். மைத்துனனை நேரக் காப்பாளர் அறைக்கு மாற்றினார்கள். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று இனி அவன் எழுதவேண்டும்.

அந்த மாற்றல் தாளை எடுத்துக்கொண்டு அவன் மத்தியானம் கடைக்கு வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. கடைக்காரர் ஆறு கண்ணாடிச் சீட்டுகளின் நகலையும் மேசையில் பரப்பினார். இனியும் மறைத்தால் மனிதனே இல்லை என்று தோன்றிவிட்டது.

"மூணாவது கண்ணாடி போடும்போதே பாத்தேன்டா. வெளிச்சம் ரெண்டா பிரிஞ்சுது. அப்பவே அனுப்பியிருக்கணும். துளை வழியா நீ படிச்சதும் பவர்லதான் தப்புன்னு நெனச்சுட்டேன். உன் இடது கண்ணைக் கெடுத்தது நான்."

மைத்துனன் சீட்டுகளை வரிசையாக அடுக்கினான். மூன்றாவதில் கையை வைத்தான்.

"இதுக்கப்புறம் நான் வேற ஒரு கடைக்குப் போனேன் அத்தான். உங்ககிட்ட சொல்லல. அங்க இருந்த பொண்ணு விளக்க அடிச்சுப் பாத்துட்டு, இது கண்ணாடிக்கு அடங்காது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சீட்டே எழுதிக் கொடுத்துச்சு."

"ஏன்டா போகல?"

"போனா, அத்தான் போட்ட கண்ணாடி தப்புன்னு ஆயிடும். ஊரெல்லாம் உங்ககிட்ட கண்ணு காட்டுது, சொந்த மச்சான் வெளிய போனான்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? அடுத்த தடவை சரியாயிடும்னு சொன்னீங்க. சரி, ஆயிடும்னு இருந்துட்டேன்."

கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கடை வாசலில் நின்று ஊர் கூட நாறடித்திருந்தாலும் தாங்கியிருப்பார். தன் முகம் வாடக்கூடாது என்று ஒருவன் கண்ணை விட்டிருக்கிறான். அவனைத்தான் நாலு பேர் காதுபடத் திட்டினார். வாய்விட்டு அழவும் கூச்சமாக இருந்தது. உதடு துடித்தது.

மைத்துனன் அதைப் பார்த்துவிட்டான். சட்டென்று எழுந்து, மத்தியானத்தில் லென்ஸுக்குள் நீர் மங்கிவிடுகிறது, மாற்றவேண்டும் என்று சொல்லிக் கைகழுவும் தொட்டியருகே போனான். கையைக் கழுவி, துடைத்து, சின்ன உறிஞ்சு ரப்பரால் இரண்டு லென்ஸையும் எடுத்தான். பிறகு அவர் பக்கம் திரும்பினான்.

"இப்ப எனக்கு உங்க முகம் தெரியாது அத்தான். அழறதுன்னா அழுதுக்கோங்க."

கடைக்காரர் எழுந்து அவன் அருகே போனார். அலமாரியிலிருந்து உப்புநீர்க் குப்பியை எடுத்துத் திறந்து அவன் கையில் கொடுத்தார். கண்ணீர் அதன் பாட்டுக்கு வழிந்தது. துடைக்கவில்லை.

"லென்ஸைப் போடு. போட்டுக்கிட்டு என்னைப் பாரு."

மைத்துனன் கிண்ணத்தை நிரப்பி, குனிந்து, ஒன்றைப் போட்டான், மற்றொன்றையும் போட்டான். அதுவரை அவர் அங்கேயே, அவன் நிமிர்ந்தால் நேராகத் தெரியும்படி, முகத்தைத் திருப்பாமல் நின்றார்.