முதலாளிக்கு எட்டுப் படி

வாரப் பத்திரிகையின் கடைசிக்கு முந்தின பக்கம் புதிர்க்காரருடையது. அடுத்த பக்கம் ராசிபலன். ராசிபலன் எழுதுகிறவர் வாரா வாரம் தப்பாகவே எழுதுவார், ஒருவரும் கேட்க மாட்டார்கள். புதிர்க்காரர் ஓர் எழுத்து தவறினால் போதும், வாசகர்கள் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அதனால் அவர் தவறியதே இல்லை. பத்தொன்பது வருடத்தில் அவர் பக்கத்தில் 'திருத்தம்' என்ற சொல் அச்சானதில்லை. மனிதருக்கு வேறு சொத்து கிடையாது, இதுதான் சொத்து.

பக்கத்தின் மேலே 'கலைந்த சொல்'. தவம் என்பதைக் கலைத்து அடுக்கினால் வதம். கபடியைக் கலைத்தால் பகடி. கீழே 'சொல் ஏணி'. கல்லிலிருந்து தேனுக்குப் போக வேண்டுமென்றால் கல், வால், வான், தேன். விதிகளைக் கட்டம் கட்டிப் போட்டிருப்பார். ஒரு தடவைக்கு ஓர் எழுத்தைத்தான் மாற்றலாம். காலும் கொம்பும் சுழியும் சேர்ந்தே ஓர் எழுத்து, 'வா' என்பது ஒன்றுதான், இரண்டல்ல. ஒவ்வொரு படியிலும் அகராதியில் தலைச்சொல்லாக உள்ள சொல் நிற்க வேண்டும். சிறுபிள்ளைக்கும் புரிகிற விதிகள். பெரியவர்களுக்குத்தான் புரியாது.

நிறுவனத்துக்கு ஐம்பதாவது ஆண்டு வந்தது. வந்ததோடு விட்டதா, சிறப்பிதழையும் விழாவையும் இழுத்துக்கொண்டு வந்தது. ஆசிரியர் புதிர்க்காரரைக் கூப்பிட்டார்.

"முதலாளிக்கு ஒரு ஆசை. சொல் ஏணியில தொழிலாளியில ஆரம்பிச்சு முதலாளியில முடியணுமாம். அவர் வாழ்க்கையே அதுதானேன்னாரு. விழா மேடையில அவரே ஏறிக் காட்டுவாராம்."

முதலாளியின் வாழ்க்கை எல்லோருக்கும் தெரியும். அப்பா ஆரம்பித்த நிறுவனம். பையன் படிப்பை முடித்ததும் மூன்று வாரம், அச்சான இதழ்களைக் கட்டு கட்டும் பிரிவில் நின்றார். நின்றார் என்பதும் மரியாதைக்குச் சொல்வது, உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். நாலாவது வாரம் அப்பாவின் அறைக்கு மாறிவிட்டார்.

"அது முடியாது சார்," என்றார் புதிர்க்காரர்.

"ஏன் முடியாது? தொழிலாளி நாலு எழுத்து, முதலாளி நாலு எழுத்து. 'லாளி' ரெண்டுக்கும் பொது. ரெண்டே எழுத்துதானே மாறுது?"

"ரெண்டே எழுத்துதான். ஆனா நடுவுல நிக்கறதுக்கு ஒரு சொல் இல்ல. முதல் எழுத்தை மாத்தினா 'முழிலாளி', ரெண்டாவதை மாத்தினா 'தொதலாளி'. ரெண்டும் உலகத்துலயே கிடையாது."

"முழிலாளின்னா முழிச்சுக்கிட்டே இருக்கிறவன்னு வெச்சுக்கக் கூடாதா?"

"அது நாமதான் சார். அகராதியில இல்ல."

ஆசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளியிடம் ஆமாம் தவிர வேறு சொல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வடிவமைப்பாளரைக் கூப்பிட்டுக் கணினியில் போட்டுப் பார்க்கச் சொன்னார். கணினி 'தொ'விலிருந்து கொம்பை ஒரு பக்கம், காலை ஒரு பக்கம் பிய்த்துப் போட்டுவிட்டு, அந்தக் காலைக் கொண்டுபோய் 'ழி'யின் தலைமாட்டில் ஒட்டிக் காட்டியது. விபத்து நடந்த இடம்போல் இருந்தது. "இதையே போட்டுட்டா என்ன?" என்றார் ஆசிரியர். புதிர்க்காரர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். மூடினவர் உடனே திறந்தார்.

"இங்க பாருங்க, ஏணி வரலேன்னா உங்க பக்கத்தையும் ராசிபலனுக்கே குடுத்துடலாம்னு முதலாளி சொல்றாரு. ராசிபலனுக்கு விளம்பரம் கொட்டுதாம்."

புதிர்க்காரர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டினார். அவருடைய புதிர்களை அச்சுக்கு முன்னால் உடைத்துப் பார்ப்பது அவள்தான்.

"விதியை ஒரு வாரத்துக்குத் தளர்த்துங்க," என்றாள். "ஆனா தளர்த்தினதை மேலேயே சொல்லிடுங்க. 'ஆக' சேர்ந்த சொல்லும் செல்லும்னு போட்டா வழி இருக்கும்."

"அது ஏமாத்து."

"சொல்லிட்டுச் செஞ்சா ஏமாத்து இல்ல. சொல்லாம செய்யறதுதான் ஏமாத்து."

இருவரும் உட்கார்ந்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஏணி நின்றது. தொழிலாளி, தொழிலாக, எழிலாக, எயிலாக, மயிலாக, மயலாக, முயலாக, முதலாக, முதலாளி. எட்டுப் படி. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. எயில் என்றால் கோட்டை மதில், மயல் என்றால் மயக்கம். இரண்டும் பழைய சொற்கள், ஆனால் அகராதியில் உண்டு.

"ரெண்டு எழுத்துக்கு எட்டுப் படியா!" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். "கோட்டை ஏறி, மயிலாகி, மயங்கி, முயலா ஓடின பிறகுதான் முதலாளி ஆகலாம் போல."

விழா மேடையில் ஒவ்வொரு எழுத்தையும் ஓர் ஊழியர் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய அட்டைகள். 'லா' கணக்கருடையது. அந்த எழுத்து கடைசிவரை மாறாது என்பதால் அசையாமல் நிற்கத் தெரிந்தவராகப் பார்த்துப் போட்டிருந்தார்கள். மற்ற எழுத்துகள் மேடை ஓரத்தில் வரிசையில் காத்திருந்தன. முதலாளி ஒருவரை இறக்கி ஒருவரை ஏற்ற வேண்டும். புதிர்க்காரர் எட்டுப் படியையும் எழுதிக் கையில் கொடுத்திருந்தார். முதலாளி அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, "என் கதையை எனக்கே எழுதிக் குடுக்கறியா?" என்று சிரித்திருந்தார்.

எழிலாக வரைக்கும் கைதட்டலோடு போனது. மயிலாக என்றதும் விசில். அடுத்து மயலாக. கட்டு கட்டும் பிரிவுப் பெண் 'ய' அட்டையோடு ஏறி நின்றாள். ஒரு பக்கம் 'ம' பிடித்த ஓட்டுநர், மறு பக்கம் 'லா' கணக்கர், ஓரத்தில் 'க' பிடித்த காவலாளி.

முதலாளி அங்கேயே நின்றுவிட்டார். மயக்கத்திலிருந்து எப்படி இறங்குவது என்று தெரியவில்லை, சட்டைப்பையில் இருந்த தாளை எல்லோர் முன்னாலும் எடுக்கவும் மனமில்லை. கீழே முன் வரிசையிலிருந்து புதிர்க்காரர் வாயசைத்தார். "முயலாக... முயலாக..."

"முயலா?" ஒலிபெருக்கி எதிரில் இருப்பதை மறந்து முதலாளி கத்தினார். "இத்தனை பேர் முன்னாடி என்னை முயலாக்கப் பாக்கறியாய்யா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. முதலாளியின் முகம் சிவந்தது. மேடையை ஒரு பார்வை பார்த்தார். "நீ இறங்கு. நீயும் இறங்கு. அந்தக் கடைசி ஆளும் இறங்கு." மூன்று பேரும் அட்டையோடு இறங்கினார்கள். 'மு', 'த', 'ளி' மூன்றையும் ஒன்றாகக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். "இதோ முதலாளி! ஒரே தாவு!"

கைதட்டல் காதைப் பிளந்தது. புதிர்க்காரர் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆசிரியர் வந்தார். "அடுத்த இதழ் விடையில முதலாளி ஏறின வழிதான் சரின்னு போடணும். இல்லேன்னா பக்கம் போச்சு."

பத்தொன்பது வருடம்! தப்பான விடையைத் தன் கையால் அச்சுக்கு அனுப்புவதா? யோசித்து யோசித்து, பாம்பும் சாகாமல் கோலும் முறியாமல் ஒன்று எழுதினார். எட்டுப் படியையும் வரிசையாகப் போட்டுவிட்டு, கீழே ஒரு குறிப்பு: 'மயலாக என்ற படியிலிருந்து நேரே முதலாளியாக, மூவரை ஒரே சமயத்தில் நீக்க வேண்டும். வாசகர்கள் இப்படிச் செய்யக் கூடாது. முதலாளிகள் செய்யலாம்.'

ஆசிரியர் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுத் தோளைத் தட்டினார். இதழ் வந்த அன்று வாசகர்களின் தொலைபேசி ஓயவில்லை. எல்லாம் சிரிப்பு. புதிர்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் அந்தக் குறிப்பை இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினார். "ரொம்பத்தான்," என்றாள் மனைவி, ஆனால் அவளும் சிரித்தாள்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். போச்சு, குட்டு வெளிப்பட்டது என்று பயந்துகொண்டே போனார். அங்கே பார்த்தால் அந்தக் குறிப்பு கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது.

"உண்மையைத் தைரியமா எழுதியிருக்கேய்யா! 'முதலாளிகள் செய்யலாம்'. அதைப் படிச்சதும்தான் எனக்குப் புத்தி வந்துது. அன்னிக்கு மேடையில மூணு பேரை இறக்கினேன், ஏதாவது நின்னுதா? நிக்கல. ஆளைக் குறைக்கணும்னு ரொம்ப நாளா யோசனை, யாரைன்னுதான் தெரியல. அதே மூணு பேரு. ஓட்டுநர், கட்டு கட்டற பொண்ணு, காவலாளி. அடுத்த மாசத்தோட சரி."

புதிர்க்காரர் பதறினார். "சார், அது... அது வேடிக்கைக்கு எழுதினது."

"அச்சுல வந்துடுச்சே! உன் பக்கத்துல தப்பே வராதுன்னு ஊரே சொல்லுது."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கெட்டிக்காரத்தனம் எங்கே கொண்டுபோய் விட்டது! அவருக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் பக்கத்தில் தப்பே வராது என்று ஊர் சொல்வது உண்மைதான். அதனால்தான் மூன்று பேர் வீட்டில் அடுப்பு அணையப்போகிறது.

அன்று மாலையே அடுத்த இதழுக்கான பக்கத்தை முடித்துக் கொடுத்தார். கலைந்த சொல்லுக்குக் கபடியைப் போட்டார். ஏணிக்குக் கல்லையும் தேனையும் போட்டார். நடுவில், பத்தொன்பது வருடமாக அந்தப் பக்கம் காணாத தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டார்.

'திருத்தம்: முதலாளிகள் செய்யலாம் என்று சென்ற இதழில் தவறாக எழுதிவிட்டேன். முதலாளிகளும் செய்யக் கூடாது. மேடையில் இறக்கிய மூவரையும், ஓட்டுநர், கட்டு கட்டும் பெண், காவலாளி, வேலையிலிருந்தும் இறக்கப்போவதாக அறிகிறேன். அது விதிப்படி தவறு.'

ஆசிரியர் அந்தப் பக்கத்தை என்றைக்கும் முழுதாகப் படித்ததில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இதழ் கடைக்கு வந்ததும் தொலைபேசி மறுபடியும் ஓயவில்லை, இந்தத் தடவை சிரிப்பு இல்லை. முதலாளி போகிற கல்யாணத்தில் எல்லாம் யாராவது வந்து, "எந்த மூணு பேரைத் தூக்கறீங்க?" என்று விசாரித்தார்கள். பல் துலக்கும்போது மைத்துனரே தொலைபேசியில் கேட்டாராம். "அட, சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுப்பா," என்று சொல்லிச் சொல்லி முதலாளிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஊருக்கெல்லாம் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு அந்த மூவர்மேல் கைவைக்க முடியவில்லை.

புதிர்க்காரரை மட்டும் அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். பக்கம் ராசிபலனுக்குப் போனது. பழைய புதிர்த் தாள்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். காவலாளி எழுந்து நின்றான். ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கினார். கட்டு கட்டும் பெண் ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களால உங்க வேலை போச்சே சார்," என்றாள். கண்ணெல்லாம் நீர்.

"அட, அழாதேம்மா," என்றார் புதிர்க்காரர். "இதுதான் விதிப்படி. ஒரு தடவைக்கு ஒருத்தர்தான் இறங்கணும்."