ஐம்பது கிலோவில் எத்தனை டிகிரி

எண் நன்றாக வந்ததுதான் எனக்கு உறுத்தியது. மூன்று புள்ளி நான்கு டிகிரி. நான்குக்குக் கீழே இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் பார்ப்பது அளக்கிற வேலை. இரண்டு அலுமினியத் தண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, மேலே சூடேற்றி, கீழே குளிர்ந்த நீரை ஓடவிட்டு, திருகுச் சக்கரத்தால் அழுத்துவோம். ஒவ்வொரு தண்டிலும் நான்கு இடத்தில் வெப்பத்தை அளக்கும் கம்பிகள். வரைபடத்தில் மேல்தண்டின் நான்கு புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு, கீழ்த்தண்டுக்கு ஒரு கோடு. இரண்டும் இணைப்பில் வந்து சேர வேண்டும், சேராது. மேல்கோடு ஓரிடத்தில் முடியும், கீழ்க்கோடு அதற்குச் சில டிகிரி கீழே தொடங்கும். கண்ணுக்கு எவ்வளவு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் இரண்டு முகங்களும் மேடுகளின் உச்சியில் மட்டும்தான் தொட்டுக்கொள்கின்றன. நடுவில் காற்று. வெப்பம் முட்டி மோதித்தான் கடக்கிறது. அதற்குக் கட்டும் சுங்கம்தான் அந்தச் சில டிகிரி.

இந்த ஜோடி, ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் குளிர்பெட்டிக்கானது. குளிரூட்டியின் தண்டும் ரத்தப்பைத் தட்டின் தண்டும் ஐம்பது கிலோ அழுத்தத்தில் சேர்ந்திருக்கும். மருந்து நீரில் கழுவ வேண்டியிருப்பதால் இடையில் பசை எதுவும் தடவ முடியாது. இணைப்பில் நான்கு டிகிரிக்கு மேல் விழுந்தால் தட்டு தேவையான குளிருக்கு வராது, ரத்தம் கெடும். முதல் பெட்டி நாளைக் காலை போகிறது. பெட்டியைச் செய்தவர் மூன்று மணிக்கு அறிக்கை வாங்க வருகிறார்.

ஏறக்குறைய இதே மாதிரி ஜோடி போன மாதம் ஆறு காட்டியது. இதற்கு மட்டும் என்ன வந்தது என்று யோசித்தபோதுதான் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் போன் பண்ணி, சலவைத்தூள் எங்கே என்று கேட்டார். கண்ணுக்கு முன்னால் இருக்கும், அவருக்குத் தெரியாது. நான் எரிந்து விழுந்துகொண்டே கையையும் சுழற்றியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் சுமைமானியின் முள் நூற்றைம்பது கிலோவில். அவசரமாகத் தளர்த்தி ஐம்பதுக்குக் கொண்டுவந்து, ஒன்றுமே நடக்காதது போல வேலையைத் தொடர்ந்தேன். வெப்பத்தை இயந்திரம் தானே பதிவுசெய்யும். சுமையைக் கையால்தான் எழுத வேண்டும். ஐம்பது என்று எழுதினேன்.

நூற்றைம்பதில் நசுங்கிய மேடுகள் ஐம்பதுக்குத் தளர்த்தினால் மறுபடி எழுந்து நிற்காது. தொடும் இடம் அதிகமாகவே இருக்கும், வீழ்ச்சி குறைவாகக் காட்டும். அந்த மூன்று புள்ளி நான்கு பொய் சொல்லவில்லை. ஆனால் அது பெட்டியின் கதை அல்ல. நசுங்காத புது முகங்களோடு அளக்கவும் வழியில்லை, வேறு ஜோடி கடைந்து வர புதன்கிழமை ஆகும்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். வரும் திங்கட்கிழமையோடு நான் சேர்ந்து ஆறு மாதம். அன்றைக்குத்தான் என்னை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று மேலாளர் முடிவு சொல்வார். நாங்கள் அவரைப் பின்னால் உம்மணாமூஞ்சி என்போம். கம்பிகளை மாற்றிச் சொருகி நான் ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொண்டபோது, "இன்னொரு தடவைன்னா மன்னிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரருக்கு வேலை போய் நான்கு மாதமாகிறது. எங்கள் வீட்டில் உலை வைப்பது என் சம்பளம்.

எல்லோரும் சாப்பிடப் போனதும், தண்டுகளைப் பிரித்து, நசுங்கிய இடங்கள் எதிரெதிரே வராதபடி மேலதைக் கொஞ்சம் திருப்பி வைத்து, மறுபடி சேர்த்தேன். போனை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். முள்ளைப் பார்த்தபடியே சரியாக ஐம்பதில் நிறுத்தினேன். சூடு நிலைக்கு வர ஐம்பது நிமிடம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை அதே அளவுகள் வந்த பிறகு கோடு போட்டேன். நான்கு புள்ளி எட்டு. நசுங்கிய மேடு ஒன்றும் தன் பழைய பள்ளத்தில் உட்காரவில்லை.

மூன்று மணிக்குப் பெட்டிக்காரர் வந்தார். மேலாளர் அறையில், நின்றபடியே, காலையில் நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். மதியம் அளந்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

பெட்டிக்காரர்தான் முதலில் பேசினார். "ஒரு நிமிஷம். நூத்தம்பதுல ஒரு தடவ அழுத்திட்டு, ஐம்பதுக்கு விட்டா மூணு புள்ளி நாலு வருதா?"

"வருது."

"அப்ப நாங்க பெட்டிய மாட்டும்போதே அப்படிச் செஞ்சிடறோம். எங்ககிட்ட அழுத்துற மெஷின் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை." அவர் முகம் மலர்ந்தது. "நீங்க தப்பு பண்ணல மேடம், வழி காட்டியிருக்கீங்க."

மேலாளர் கூட நாற்காலியில் சாய்ந்தார். அவர் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் ரத்தத்தை நான் நினைக்கவே இல்லை. வீட்டு வாடகையைத்தான் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், திங்கட்கிழமை தப்பித்தேன்.

வாயைத்தான் எனக்கு மூடத் தெரியாதே.

"கழுவுறப்ப அந்த இணைப்பைப் பிரிப்பாங்களா சார்?"

"வாரம் ஒரு தடவ. ஏன்?"

"பிரிச்சா போச்சு. மதியம் நான் பிரிச்சு மறுபடி மாட்டிப் பாத்தேன். நாலு புள்ளி எட்டு வருது. முதல் வாரம் நல்லாத்தான் இருக்கும். அடுத்த வாரத்துலேர்ந்து தட்டு குளிராது. அது யாருக்கும் தெரியவும் தெரியாது."

பெட்டிக்காரர் போனை எடுத்து, நாளைக்கு வண்டி வேண்டாம் என்று யாரிடமோ சொன்னார். எழுந்தவர் என்னிடம், "அந்த நாலு புள்ளி எட்டையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு மேலாளர் அறிக்கைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நூத்தம்பது போனதையும் எழுதுங்க. யாரால போச்சுன்னும்."

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

"இந்த ஆறு மாசத்துல நீங்க அளந்ததையெல்லாம் இப்ப நான் நம்பலாமா, நம்பக் கூடாதா?"

அடித்திருந்தால் கூட அப்படி வலித்திருக்காது. "நம்ப வேண்டாம் சார். எல்லாத்தையும் மறுபடி பாத்துடலாம். நானே உக்காந்து பாக்குறேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

மனசுக்குள் கோப்புகளை எண்ணினேன். "மூணு வாரம். அதுக்குக் கொறையாது."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். திங்கட்கிழமையில் என் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தது. அதை அடித்தார். மூன்று வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமையில் மறுபடி என் பெயரை எழுதினார். இந்த முறை வட்டம் போடவில்லை.

"முதல் கோப்பை எடுத்துட்டு வாங்க," என்றார்.