உச்சரிப்புக் கட்டம்

அமெரிக்காவில் பட்டம் வாங்கவிருந்த குழலி, சிட்லபாக்கம் வீட்டுக்கு வீடியோவில் அழைத்தாள். மேடையில் பெயர் படிப்பவருக்காக, பெயரை எப்படிச் சொல்வது என்று பல்கலைக்கழகப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.

"பாஸ்போர்ட்ல இருக்குற இசட் எச்சையே போடு," என்றார் அப்பா சுவிசேஷமுத்து. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

"அதைப் பாத்துதான் எல்லாரும் 'குஸாலி'ங்கிறாங்கப்பா."

"எல் போடேன்," என்றாள் அம்மா ஜெயசீலி.

"குலலியா? அதுக்குக் குஸாலியே தேவலை," என்றார் அப்பா.

"ஆர் போடறேன்பா. ஆர் சொல்லும்போது இவங்க நாக்கு உள்பக்கமா வளையும்."

"ழவுக்கு ரவா? என் கிளாஸ்ல எழுதியிருந்தா முட்டி போட வச்சிருப்பேன்," என்றார் அப்பா.

குழலி அறைத்தோழி எமிலியைக் கூப்பிட்டு, தான் எழுதியதைப் படிக்கச் சொன்னாள்.

"குழலி," என்றாள் எமிலி.

அப்பாவுக்குக் கண் கலங்கியது.

"உங்க பையனுக்கே இந்த ழ வராது," என்றாள் ஜெயசீலி.

விழாவன்று இருவரும் டிவி முன் அமர்ந்திருந்தார்கள். பெயர் படித்தவர் அட்டையைப் பார்த்து, "குழலி" என்று அழகாகச் சொன்னார். அடுத்த சொல்லில் தடுமாறினார்.

"சூவி... செஷா... மமூட்டூ."

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர்.

"ஏங்க, உங்க பேரை அந்தக் கட்டத்துல எழுதவே சொல்லலையே!" ஜெயசீலி சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள்.

"அது வெறும் இனிஷியல்தானே ஜெயா," என்றார் அவர். "அதை யார் முழுசாப் படிப்பாங்கன்னு நினைச்சேன்."