பாட்டில்லாத வீடியோ

இரண்டு வயது ஹாரிஸ் முட்டியை மடக்கி, குண்டியைத் தூக்கிக்கொண்டு தூங்கும் படத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளை தொழுகையில மாதிரி சஜ்தா செய்யுதான்” என்று சவூதியில், தம்மாமில் இருக்கும் அவன் வாப்பா பூரித்துப்போவார். அவன் உம்மா ருகையாவுக்குத்தான் பயம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்ணார்பேட்டைக்கு, டாக்டர் ப்ரீதாவிடம் வந்துவிட்டாள்.

“இதுக்கா பயந்திய? இந்த வயசுல நெறைய பிள்ளைய இப்படித்தான் தூங்கும்.”

நிம்மதியில் ருகையா செல்போனில் இன்னொரு வேடிக்கையைக் காட்டினாள். ஹாரிஸ் உட்கார்ந்தபடியே கழுத்தை அண்ணாந்து, வாயைப் பிளந்து தூங்குகிறான். ஸ்டேட்டஸுக்காகப் பாட்டுப் போட்டிருந்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. “தெனமும் இப்படியா?”

“ஒரு மாசமா. படுக்க வச்சாலும் எந்திச்சு உக்காந்துருதான். குறட்டை வேற, அவன் வாப்பா மாதிரியே.”

“பாட்டு போடாத வீடியோ இருக்கா?”

இருந்தது. குறட்டை கேட்டது, சட்டென்று நின்றது. நெஞ்சுக்குழி உள்வாங்கி உள்வாங்கித் தவித்தது, சத்தமே இல்லை. பிறகு ஆற்றில் முங்கி எழுந்தவன்போல் ஒரு பெருமூச்சு.

“மூச்சு அடைக்குதும்மா. அதான் உக்காருதான். மூக்குக்குப் பின்னால சதை வளந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டருக்கு எழுதித் தாரேன், நாளைக்கே காட்டிருங்க.”

வெளியே வந்ததும் ருகையா ஸ்டேட்டஸை அழித்தாள். எழுபது பேர் பார்த்துச் சிரித்திருந்தார்கள். பாட்டில்லாத வீடியோவைத் தம்மாமுக்கு அனுப்பி, கீழே எழுதினாள்: “பாக்காதீங்க. கேளுங்க.”