கனகவதியின் வலப்பக்கம்

டாக்டர் ஹேமநாத் முதுகில் ஊசியைக் குத்தி நீரை எடுத்து முடித்ததும் தவறாமல் ஒரு காரியம் செய்வார். நிறைந்த பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்.

"பாத்தியாம்மா, எவ்ளோ எடுத்திருக்கேன்!"

தோட்டத்துப் பூசணிக்காயைத் தூக்கிக் காட்டுகிறவனின் முகம் அது. கனகவதிக்கு அந்த முகத்தைக் கண்டாலே எரிச்சலாக வரும். அவள் நெஞ்சுக்குள் ஊறிய நீருக்கு இவருக்கு என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறது?

ஆரணியில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் கனகவதி. சில வருடங்களுக்கு முன் வேலூரில் அவளது வலது மார்பை எடுத்திருந்தார்கள். இந்த வருடம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு நடந்தாலே வாங்கியது. படமெடுத்துப் பார்த்தபோது வலது நுரையீரலைச் சுற்றி நீர். குடும்ப டாக்டர் ஹேமநாத் நீரை எடுத்தார். ஒரு மாதம் நன்றாக இருந்தது. மறுபடி நீர். மறுபடி எடுத்தார். அடுத்த முறை மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

"ஏன் டாக்டர் திரும்பத் திரும்ப வருது?"

"வயசாகுதில்ல?"

"வயசானா நெஞ்சுல தண்ணி ஊறுமா? அப்ப உங்களுக்கும் ஊறணுமே."

ஹேமநாத் சிரித்தார். பக்கத்தில் நின்ற அண்ணன் குந்துநாதன் அதைவிடப் பலமாகச் சிரித்தார். ஊரில் பெரிய பட்டுக்கடைக்காரர் அவர். தங்கை கல்யாணத்திலிருந்து அவளுடைய ஊசிவரை எல்லாவற்றையும் தானே நடத்தி வைத்ததாக நம்புகிறவர். "நெஞ்சு சளிம்மா. கரையணும், அவ்ளோதான்" என்றார். புருஷன் நேமிகுமார் சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கனகவதிக்கு அண்ணன் சிரிப்பைவிட இந்தக் கண்ணீர்தான் அதிகம் அருவருப்பாக இருந்தது. வீட்டில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கிறது. போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போகிறார். மார்பை எடுத்தவளுக்கு நெஞ்சில் நீர் கோத்தால் அது என்னவென்று அவளுக்குத் தெரியாதாம். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்தக் கூட்டல் வராதாம்.

ஒருநாள் காலையில் அவளே ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறி உட்கார்ந்தாள். வந்தவாசி ரோட்டில் புதிதாக வந்திருந்த ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் ஒருவர் இருப்பதாகப் போர்டு பார்த்திருந்தாள். நேமிகுமார் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடிவந்து பக்கத்தில் ஏறினார்.

"மச்சானுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு..."

"மூச்சு எனக்குத்தாங்க வாங்குது. மச்சானுக்கு இல்ல."

டாக்டர் மதிவதனிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கேன் கருவியை விலாவில் வைத்துப் பார்த்தாள். நேமிகுமார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய படங்களையும் நீர்ச் சோதனை ரிப்போர்ட்டையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்னன்னு யாராவது சொன்னாங்களா டீச்சர்?"

"சொல்லல. கேன்சர் திரும்பி வந்திருக்கு. சரியா?"

நேமிகுமாரின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"சரி" என்றாள் மதிவதனி. "நுரையீரலுக்கு மேல ஒரு சவ்வு, நெஞ்சுச் சுவருக்கு உள்பக்கம் ஒரு சவ்வு. நோய் இப்ப அந்தச் சவ்வுல இருக்கு. அதனால நடுவுல நீர் ஊறிகினே இருக்கும். ஊசியில எடுத்தா அன்னிக்கு மூச்சு லேசாகும். மறுபடி ஊறத்தான் செய்யும்."

"அப்ப இத்தன மாசமா அவர் பண்ணது?"

மதிவதனி பழைய படங்களைக் கழற்றி உறைக்குள் வைத்தாள். "ஊர்றதுக்கு எடமே இல்லாம பண்ணிடலாம். ஒரு டியூப் போட்டு நீரை முழுசா வடிச்சிடுவேன். நுரையீரல் விரிஞ்சு சுவரைத் தொடணும். தொட்டுதுன்னா, டால்க்னு ஒரு மருந்துப் பொடி, அதைக் கரைச்சு டியூப் வழியா உள்ள விடுவேன். ரெண்டு சவ்வும் புண்ணாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பத்துப் பேர்ல ஏழு பேருக்கு ஒட்டும். இது நோயைக் குணப்படுத்தாது. மூச்சு விடலாம், நடக்கலாம். நோய்க்கு வேலூர்ல மருந்து தனியா பாக்கணும்."

"நுரையீரல் விரியலன்னா?"

"பொடி விட்டுப் பிரயோஜனமில்ல. மெல்லிசா ஒரு டியூபை உள்ளயே வச்சு அனுப்புவேன். வீட்லயே வடிச்சிக்கலாம்."

வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் தன்னிடம் முழு வாக்கியங்களில் பேசியது கனகவதிக்கு நிம்மதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே குந்துநாதன் வந்துவிட்டார். டாக்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எந்த ஊருமா?"

"தேசூர் பக்கங்க."

"தேசூர்ல எங்க? ஊர்லயா, இல்ல அந்தப் பக்கம்..."

கேள்வி எங்கே போகிறதென்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கனகவதிக்குக் காது சுட்டது. அண்ணன் எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிற சமணர். மனிதர்களை மட்டும் தாராளமாக மிதிப்பார்.

"அந்தப் பக்கந்தாங்க" என்றாள் மதிவதனி, கையுறையை மாட்டிக்கொண்டே. "கொஞ்சம் வெளிய இருங்க. டியூப் போடணும்."

கனகவதியைச் சாய்த்துப் படுக்கவைத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் மடக்கி வைத்தார்கள். அக்குளுக்குக் கீழே ஸ்கேன் வைத்து இடம் குறித்தார்கள். மரத்துப்போகிற ஊசி சுருக்கென்று எரிந்தது. பிறகு வலி இல்லை. விலாவுக்கு நடுவே யாரோ கட்டைவிரலால் பலங்கொண்டு அழுத்துவதுபோல இருந்தது. டியூப் உள்ளே போனதும் சிவப்புக் கலந்த மஞ்சள் நீர் கீழே இருந்த பாட்டிலுக்குள் இறங்கியது. ஒன்றரை லிட்டர் வந்ததும் மதிவதனி டியூபை மூடினாள்.

"இன்னும் இருக்கே?"

"இருக்கு. சுருங்கிக் கெடந்த நுரையீரல் ஒரேயடியா விரிஞ்சா அதுக்குள்ளயே நீர் கோத்துக்கும். கொஞ்சம் விட்டு மறுபடி தொறப்போம்."

நர்ஸ் பாஞ்சாலை பாட்டிலைக் கட்டிலுக்குக் கீழே நிறுத்தி, யாரும் அதை மேலே தூக்கக் கூடாது, தூக்கினால் நீர் திரும்பி உள்ளே போகும் என்று சொன்னாள். டியூபை மறுபடி திறந்த பிறகு, கனகவதி மூச்சை இழுத்தால் பாட்டிலில் முங்கியிருந்த குழாய்க்குள் நீர் ஏறியது, விட்டால் இறங்கியது. தன் மூச்சு கண்ணுக்குத் தெரிவதை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த சொந்தக்காரர்களுக்குக் குந்துநாதன் வராந்தாவில் நின்று விளக்கம் சொன்னார். "சளி கட்டியாயிடுச்சு. டியூப்ல எடுக்கறாங்க." ஆப்பிள் வந்தது. ஆறுதல் வந்தது. யாரோ ஒருத்தி, போன வருடம் இதே மாதிரி டியூப் போட்டுப் பிழைக்காமல் போன தன் நாத்தனாரைப் பற்றி விரிவாகச் சொன்னாள். கனகவதி கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்தாள். இந்தக் கூட்டத்தைப் பார்ப்பதற்கு அது மேல்.

வடிவது குறைந்ததும் மறுபடி படமெடுத்தார்கள். நுரையீரல் முழுசாக விரிந்து சுவரைத் தொட்டிருந்தது. மதிவதனி முதலில் வலிக்கு ஊசி போட்டாள். டியூப் வழியாக மரத்துப்போகிற மருந்தை விட்டாள். அதன்பின் பெரிய சிரிஞ்சில் பால்போல் வெளுத்த கரைசலை ஏற்றி, டியூபைக் கிளாம்ப் போட்டு இறுக்கினாள்.

"ஒரு மணி நேரம் இதை யாரும் தொடக்கூடாது. தொறந்தா மருந்து பூரா வெளிய வந்துடும். வலிக்கும், சாயந்தரம் ஜுரம் அடிக்கும். ஒட்டுதுன்னு அர்த்தம். மூச்சுத் திணறுனா மட்டும் பெல் அடிங்க."

இதை நேமிகுமாரைப் பார்த்துச் சொன்னாள். அவர் தலையாட்டினார். கனகவதி நினைத்தாள்: யாரிடம் போய்ச் சொல்கிறாள்!

வலி வந்தது. நெஞ்சுக்குள் மிளகாய் அரைப்பது மாதிரி வந்தது. கனகவதி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அந்த நேரம் பார்த்துக் குந்துநாதன் உள்ளே வந்தார்.

"இன்னா இது? அடைச்சு வச்சிருக்காங்க! வடியறதை அடைச்சா உள்ள போயி முட்டாதா? மாப்ள, நீ பாத்துகினு உக்காந்திருக்கியா?"

உடனே ஹேமநாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஹேமநாத் கனகவதியைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. "க்ளோஸ் பண்ணியிருக்காங்களா? டேஞ்சர்ங்க. ஜல்தியா ஓப்பன் பண்ணச் சொல்லுங்க" என்றது குரல்.

"கேட்டியா? எனக்கு அப்பவே தெரியும். அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?" குந்துநாதன் குனிந்து கிளாம்பில் கை வைத்தார்.

கனகவதி கத்த வாயெடுத்தாள். வலியில் குரல் வரவில்லை.

நேமிகுமார் எழுந்தார். மச்சானின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய எடுங்க மச்சான்."

"விடு மாப்ள, பேஜார் பண்ணாத. அவ துடிக்கறா."

"வலிக்குது. வலிக்கும்னு டாக்டர் சொன்னாங்க. மூச்சு திணறல. நான் பாத்துகினுதான் இருக்கேன்." அவர் பிடியைத் தளர்த்தவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்னு கேட்டீங்க. உங்க டாக்டருக்கு இன்னா தெரிஞ்சுது? ஆறு தடவ எடுத்தாரு. அவளுக்குக் கேன்சர்னு அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுதா? எனக்குந்தான் தெரியல. வெளிய போங்க."

குந்துநாதன் கையை உருவிக்கொண்டார். மணிக்கட்டு சிவந்திருந்தது. போனில் ஹேமநாத் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அண்ணன் போனை அணைக்காமலேயே வெளியே நடந்தார்.

நேமிகுமார் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். கனகவதி அவரைப் பார்த்தாள். அவளுக்கு மனம் இளகவில்லை. இத்தனை வருடம் தலையாட்டியதற்கு ஒரு மணிக்கட்டைப் பிடித்தது ஈடாகிவிடாது.

"இந்தக் கைய இத்தன நாளா எங்க வச்சிருந்தீங்க?" என்று முனகினாள்.

"தெரியல கனகா" என்றார் அவர். இந்த முறை கண்ணைத் துடைக்கவில்லை.

நேரம் முடிந்ததும் மதிவதனி வந்து கிளாம்பைத் திறந்தாள். சாயங்காலம் ஜுரம் அடித்தது. இருட்டுவதற்குள் பாஞ்சாலை இட்லியும் மாத்திரையும் கொடுத்து முடித்தாள்; பொழுது சாய்ந்த பின் கனகவதி சாப்பிடமாட்டாள் என்பதை நேமிகுமார் சொல்லிவைத்திருந்தார். அடுத்தடுத்த நாட்களில் பாட்டிலில் வடிவது சுண்டிப்போனது. டியூபை எடுத்துத் தையலை இறுக்கினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களிடம் கனகவதியே முதலில் சொன்னாள்: "சளி இல்ல. கேன்சர்." சிலர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினார்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் என்று நினைத்தார்களோ என்னவோ. அவர்கள் வராததில் வீடு அமைதியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் படமெடுத்தபோது நீர் இல்லை. வேலூரில் கொடுத்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. நோய் எங்கும் போய்விடவில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் மாடி ஏறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடை வரைக்கும் நடந்தே போனாள், நேமிகுமார் கூடவே வர. குந்துநாதன் கல்லாவில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். படியேறி வந்த தங்கையைக் கவனிக்கவில்லை.

"ஹேமநாத் கைவிட்டுட்டாருங்க. நான்தான் தேடிப் புடிச்சு இந்த லேடி டாக்டர்கிட்ட சேத்தேன். தேசூர் பக்கந்தான், ரொம்பக் கெட்டிக்காரப் பொண்ணு. டியூபை ஒரு மணி நேரம் மூடி வைக்கணும்னு நான் நின்னு பாத்துகினேன்..."

நேமிகுமார் ஒரு அடி முன்னால் வைத்தார். கனகவதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க" என்றாள். "அந்த ஆளுகிட்டப் பேசி மூச்சை எதுக்கு வீணாக்கணும்?"

கடைப்பையனிடம் ஒரு புடவை கேட்டாள். நல்ல அரக்கு நிறத்தில். அண்ணன் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தபோது, அவள் முந்தானையை விரித்து ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.