நாலு மணிச் சிவப்பு

எதிர்வீட்டு மர்ஜானாவின் பெயருக்கு வந்த பெட்டியைக் கூரியர்காரர் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். அவள் வேலைக்குப் போயிருந்தாள். பெட்டியைக் குலுக்கினேன், சத்தமில்லை. முகர்ந்தேன், அத்தர் இல்லை. சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டவள், "வரட்டுமா லாத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொன்னாளே தவிர, உள்ளே என்ன என்று சொல்லவில்லை. பத்து வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிற எனக்கு, இந்தக் காலிதாவுக்கு, இது மரியாதையா?

மர்ஜானாவுக்கு வேலை ராமநாதபுரத்தில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில். முதல் நோயாளி ஆறரைக்குப் படுப்பார். அதற்குள் மெஷினைத் தயார் செய்ய வேண்டும். கீழக்கரையிலிருந்து ஐந்தரை பஸ்ஸை விட்டால் தீர்ந்தது. அதனால் நாலரைக்கு எழ வேண்டும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை படுத்திருக்க முடியாது. ஆனால் போன் அலாரம் அடித்தால் அவளுக்கு முன்னால் மகள் மர்வா எழுந்துவிடுவாள். இரண்டரை வயசுப் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டால் எந்த பஸ்ஸைப் பிடிப்பது?

ஆகவே எழுப்பிவிடும் உத்தியோகம் புருஷன் காஜா நவாஸுக்கு. ஷார்ஜாவில் ஒரு குடோனில் இரவு டூட்டி. நம்முடைய நாலரை அங்கே மூணு மணி. போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்கடியில் வைத்திருப்பாள், அவள் எடுக்கும்வரை விடாமல் அழைப்பார். நல்ல மனுஷன்தான். ஆனால் முதல்நாள் சண்டை என்றால் மறுநாள் அழைப்பு வராது. இப்படி இரண்டு தடவை அவள் தாமதமாகப் போனாள். மூன்றாவது தடவை என்றால் வேலை இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

பெட்டி வந்த நாலாம் நாள், தண்ணீர் குடிக்க எழுந்தேன். (தண்ணீர் குடிக்கத்தான்.) மணி நாலு. மர்ஜானாவின் படுக்கையறை ஜன்னலில் தணல்போல ஒரு சிவப்பு. பார்க்கப் பார்க்க அது ஆரஞ்சாகி, மஞ்சளாகி, நாலரைக்குப் பகல் மாதிரி ஆகிவிட்டது. யாரும் சுவிட்சைப் போட்டதாகத் தெரியவில்லை. மறுநாளும் அப்படியே.

ஷார்ஜாவில் இருக்கும் என் தம்பி ஜாபர் சாதிக்கிடம் பேசும்போது இதைச் சொன்னேன். சும்மா, பேச்சோடு பேச்சாக. அவன் தங்கியிருப்பது காஜா நவாஸின் அறையில் என்பது எனக்கு மறந்தா போயிருந்தது? அதை இப்போது கிளற வேண்டாம்.

அன்று மாலையே மர்ஜானா என் வாசலில் நின்றாள். ‘அது என்ன வெளிச்சம்’ என்று ஷார்ஜாவிலிருந்து மெசேஜ் வந்துவிட்டதாம்.

"லாத்தா, வாங்க. கண்ணால பாத்துட்டே சொல்லுங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தலையணையிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஸ்டூலின் மேல் உருண்டையாக ஒரு விளக்கு. முகப்பில் கடிகாரம். நாலரை என்று வைத்தால் அரைமணி முன்பே மினுக்கென்று தொடங்குமாம். மூடிய இமை வழியாகவும் வெளிச்சம் போகுமாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் லேசாகி, நாலரைக்குக் குருவிச் சத்தம் மெதுவாகக் கேட்கும்போது பாதி விழித்தே இருப்பாளாம். சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கும் மர்வாவுக்கு ஒன்றும் தெரியாது.

"முத நாளே வேலை செஞ்சிருக்கும் லாத்தா. எங்க உம்மா வழக்கம்போல ராத்திரி எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டுப் படுத்துட்டாங்க. உள்ள ஒரு பேட்டரி இருக்கு. அது மணியைத்தான் காப்பாத்தும், விளக்கை எரிக்காது."

"எடுத்துச் சொன்னியா?"

"சொன்னேன். அதுக்கப்புறம் இதுல கை வெக்கல."

அப்போது போன் அடித்தது. காஜா நவாஸ். நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மர்ஜானாவே ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன புள்ள, நாலு மணிக்குச் செவப்பு வெளிச்சமாமே? ரூமே சிரிக்குது."

"வெளக்கு மச்சான். என்னைய எழுப்புறதுக்கு."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க கோவிச்சுக்கிட்டா எழுப்ப மாட்டீங்க. அது கோவிக்காது."

ஸ்பீக்கரில் அவர் குரல் ஏறியது.

"சரி, நாளையிலருந்து நான் கூப்புட மாட்டேன். ஒரு நாள் பஸ்ஸை விடுவேல்ல, அப்ப வீட்டோட கெட."

"கூப்புடாதீங்க," என்றாள் மர்ஜானா. போனை வைத்துவிட்டு, குழந்தைக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள்.

நான் படியிறங்கும்போது மர்ஜானாவைப் பெற்ற உம்மாவின் போன் அடித்தது. செருப்பு மாட்ட எனக்கு எப்போதும் நேரமாகும்.

"சரி மாப்ளெ... ஆமா மாப்ளெ... நானே ஆஃப் பண்ணிடுறேன்... அவ தூங்குனப்புறம்..."

உம்மா என்னைப் பார்த்தார். போனை முந்தானைக்குள் ஒளித்தார்.

"குடும்பம் நல்லா இருக்கணும்ல காலிதா? வேலை போனா சண்டையும் போயிரும்."

மர்ஜானாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஊர் வம்பையெல்லாம் ஷார்ஜாவரை கொண்டுபோன வாய், தெருவின் அந்தப் பக்கம் போக மறுத்தது.

அன்றிரவு நான் தூங்கவில்லை. மணி நாலானது. ஜன்னல் இருட்டு. நாலே கால். இருட்டுதான். முக்காட்டைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து, கதவைத் தட்டக் கை ஓங்கினேன்.

பக்கவாட்டில் அடுக்களை ஜன்னல் தெரிந்தது. ஆரஞ்சு நிறம்.

எட்டிப் பார்த்தேன். பிரிட்ஜின் பக்கத்தில் பாய். பாயில் மர்ஜானா, அவள் முதுகுக்குப் பின்னால் மர்வா. கவிழ்த்த சோற்றுச் சட்டியின் மேல் விளக்கு. பிரிட்ஜின் சுவிட்சிலிருந்தே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வீட்டில் எந்த சுவிட்சை அணைத்தாலும், மீனும் பாலும் இருக்கிற பிரிட்ஜை உம்மா அணைப்பாரா? படுக்கையறையில் வெறும் பிளக் பாயின்டைத்தான் இருட்டில் தடவி அணைத்திருக்கிறார்.

மஞ்சள் ஏறியது. முகத்தில் வெயில் விழுந்ததுபோல ஆனது. குருவி ஒருதரம்தான் சத்தமிட்டது, கண் திறந்து அதை அமுக்கினாள். ஜன்னலில் என் மூக்கைப் பார்த்தாள்.

"லாத்தா, தண்ணி குடிக்க எந்திரிச்சீங்களா?"

"சுவிட்சு விஷயம் உனக்குத் தெரியுமா?"

"அவரு உம்மாகிட்டத்தான் சொல்லுவாருன்னு தெரியாதா? எத்தன வருஷமா குடும்பம் பண்ணுறேன்."

குளித்து, தொழுது, டிபன் பாக்ஸைக் கட்டினாள். உம்மா கதவோரமாக வந்து நின்றார். மர்ஜானா ஒரு வார்த்தை திட்டவில்லை. மர்வாவைத் தூக்கி உம்மாவின் தோளில் சாய்த்தாள்.

"இந்த வீட்டை எனக்குன்னுதானே எழுதிக் குடுத்தீங்க? எங்கன படுக்குறதுன்னு நான்தான் முடிவு பண்ணணும்."

தெருவில் என்னோடு நடந்துகொண்டே ஷார்ஜாவுக்கு அவளே ஸ்பீக்கரில் அழைத்தாள். நீண்டநேரம் அடித்த பிறகு எடுத்த குரல் தூக்கத்தில் தடித்திருந்தது.

"எந்திரிங்க மச்சான். டூட்டி நேரத்துல தூங்குனா வேலை போயிரும். யாரும் எழுப்பலியா?"

சிரித்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸில் ஏறினாள். ஆறு பதினைந்துக்குக் கையெழுத்துப் போட்டாளாம். மாலை வந்ததும் அவளே சொன்னாள். ஜாபர் சாதிக்கிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்று தாராளமாக அனுமதி கொடுத்தாள்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அடுக்களையில்தான் சிவப்பு. நாலாம் நாள் உம்மா என் வீட்டுக்கு வந்தார்.

"ஒட்டுற டேப்பு இருந்தாக் குடு. ரூம்ல அந்த சுவிட்சை நானே போட்டு, மேல ஒட்டணுமாம். அப்பத்தான் பாயை எடுப்பாளாம்."

"எதுக்கு மாமி ஒட்டணும்?" என்றேன்.

தெரிந்துதான் கேட்டேன்.