இரண்டு முறை கட்டிய வீட்டு வரி

அன்று மழை பெய்ததா, வெயில் கொளுத்தியதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நான் வேலை பார்த்த நகராட்சி அலுவலகத்தின் வரிப் பிரிவில் மின்விசிறி கரகரவென்று ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. அதுவும் வேறொரு நாளாக இருக்கலாம்.

வெல்டர் ஒருவர் அங்கே வந்தது, தன் பணத்தைத் திரும்பக் கேட்க அல்ல. தங்கை கட்டிய பணத்தை அவளிடமே திருப்பித் தரச் சொல்ல.

வீடு இறந்துபோன அம்மாவின் பெயரில் இருந்தது. கீழே அவர், மாடியில் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கை. அம்மா போனபின் பேச்சுவார்த்தை இல்லை. இந்த ஆண்டு வரிக்கு அவர் காசோலை கொடுத்திருந்தார். அது வங்கியில் தேறி வரவு வைக்கப்படுவதற்குள், பாக்கி நிற்கிறது என்று எண்ணித் தங்கை இணையத்தில் கட்டிவிட்டாள். ரசீது வாங்கப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. ரசீதைக் காட்டி வீட்டைத் தனதென்று சொல்லிவிடுவாளோ?

“உங்க தங்கச்சி கட்டின பணத்தைத் திருப்பணும்னா அவங்கதான் கையெழுத்துப் போட்டுக் கேக்கணும் சார்” என்று கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னாள் எழுத்தர் அம்மாள். போன் போட்டு அவளை வரவும் சொல்லிவிட்டாள்.

தங்கை சீருடையோடு வந்து, அண்ணனுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

“என் பணம் இருக்கட்டும். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுங்க மேடம்.”

“அதெப்படி? நான் முதல்ல கட்டினேன்!”

எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “பணம் வேணும்னு மேசையைத் தட்டுறவங்களைப் பாத்திருக்கேன். வேண்டாம்னு தட்டுறவங்களை இப்பத்தான் பாக்குறேன். இது வரி கட்டினதுக்குத்தான் ரசீது. வீடு யாருதுன்னு இது சொல்லாது. அதுக்கு வாரிசுச் சான்று வேணும், பேர் மாத்தணும். அது வேற கதை.”

வெல்டர் தன் உள்ளங்கைத் தழும்புகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“என்னைப் பாத்துப் பயந்துதான் கட்டினியா?”

“கீழ்வீட்டுல இருக்கிற நீ ஒருநாள் கதவைச் சாத்திட்டா நான் எங்க போவேன் அண்ணா?”

இத்தனை நாள் தான் பயந்த பயமேதான் மாடியிலும் குடியிருந்திருக்கிறது.

“நானும் அதுக்குத்தான் கட்டினேன், லூசு.”

“நீதான் லூசு.”

எழுத்தர் வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டினாள். “திருப்பிக் கேட்டா சரிபார்ப்பு, ஒப்புதல்னு மாசக்கணக்கா இழுக்கும். அடுத்த வருஷ வரிக்கு ஈடு செஞ்சுடுங்கன்னு ரெண்டு பேரும் எழுதி, ரெண்டு ரசீது நகலையும் வைங்க. மேலதிகாரி ஒப்புதல் வந்ததும் இதே வரி எண்ணுல வரவு வெச்சிடுவோம்.”

அண்ணன் எழுதினார். பிழைகளைத் தங்கை திருத்தினாள். இருவரும் கையெழுத்திட்டார்கள்.

மறு ஆண்டு வரி உயர்ந்திருந்ததால் வித்தியாசத்தை மட்டும் கட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வாரிசுச் சான்று வாங்கி இருவர் பெயரிலும் வரி விதிப்பை மாற்றினார்கள். எழுத்தர் அம்மாள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். தங்கை மாடியிலேயே இருக்கிறாள். அண்ணன் கீழே. இப்போதும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.